வரி அதிகாரிகள் கடைக்கு வரும் நாளில்: ஒரு வாய்ச்சொல் 28 இலட்சமான கதை

போன மாதம் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி பேசினார். புதிதாக மளிகைக் கடை போட்டவர். "அண்ணே, டெக்ஸ்காரங்க வந்துட்டுப் போனாங்க. நல்ல மனுசங்க, சத்தம் கித்தம் ஒண்ணும் போடல. ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க, எழுதினாங்க, சைன் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "சிங்களத்துல எழுதினாங்க. நம்ம வியாபாரத்தைப் பத்தித்தான் இருக்கும்" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால், மாமாவின் கடையில் கணக்கெழுதிய காலத்தில், இதே மாதிரி ஒரு தாளில் நானும் கையெழுத்துப் போட்டவன்.

பில்லைக் கிழித்துப் போடுவது, அவர்களைக் கண்டதும் ஷட்டரை இழுப்பது, கையில் எதையாவது திணிக்கப் பார்ப்பது: இவையெல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேர்மையாகக் கடை நடத்துகிறவர்களே விழுகிற குழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வந்தவர் யார் என்று கேட்காமல் பேச ஆரம்பிப்பது

அடையாள அட்டையையும், இந்தப் பரிசோதனைக்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து அதிகாரத்தையும் பார்க்கக் கேளுங்கள். பெயர், பதவி, கிளை, வந்த நேரம் நான்கையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்?"

கேள்விகளிலேயே சின்னக் கேள்வி இதுதான். நம் ஊர்க் கடைகளை அதிகம் சாய்த்ததும் இதுதான்.

2024இல் ஹட்டன் பக்கத்துக் கடையொன்றுக்கு அதிகாரிகள் வந்தது 11ஆம் திகதி. பத்தாந் திகதி தோட்டத்தில் சம்பளம். மறுநாள் கடை எப்படியிருக்கும் என்று மலையகத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். லயத்திலிருந்து குடும்பத்தோடு வந்து மாதச் சாமான் கட்டுகிறார்கள், பெடியனுக்குத் தலை நிமிர நேரமில்லை. அந்த நேரத்தில் அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: "தவஸகட்ட கீயக் விதர யனவாத?" கடைக்காரர் சிங்களம் நன்றாகப் பேசுவார். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு இலட்சம் "வெனகங்" போகும் என்றார். இரண்டு இலட்சம் வரைக்கும் போகும் என்று அர்த்தம். அவர் சொன்னது உண்மை. சம்பளத்தை ஒட்டிய நாலு நாள் அப்படித்தான் போகும்.

தாளில் ஏறியது வேறு. "சாமான்யயென்" ஒரு நாளைக்கு இரண்டு இலட்சம். சராசரியாக, வழக்கமாக என்று பொருள். அந்தச் சொல்லைக் காதால் கேட்டிருந்தால்கூட நம்மவருக்குத் "சாமானியமாக" என்றுதான் பட்டிருக்கும், உறைத்திருக்காது. அவரோ கேட்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வேலை செய்தது பெருக்கல்தான். மாதம் 26 நாள் என்று வைத்தால் 52 இலட்சம். மூன்று மாதத்துக்கு 156 இலட்சம், அதாவது 15.6 மில்லியன். 2024 ஜனவரி 1 முதல் மூன்று மாதத்தில் 15 மில்லியன் அல்லது பன்னிரண்டு மாதத்தில் 60 மில்லியன் ரூபாய்க்கு மேல் வரிக்குட்பட்ட விற்பனை இருந்தால் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்தது. வற் வீதம் 18 சதவீதம். பதியாத கடை, எல்லையைத் தாண்டிய விற்பனை என்று மதிப்பீடு வந்தது. ஒரே காலாண்டுக்கு 28 இலட்சத்து 8 ஆயிரம். சாமான் வாங்கியவர்களிடம் அவர் ஒரு சதமும் வரி வாங்கியிருக்கவில்லை. கட்டுவதென்றால் கைக்காசுதான்.

அந்தக் கடிதத்தோடு அவர் என்னிடம் வந்தது 23ஆம் நாள். மதிப்பீட்டை எதிர்த்து மீளாய்வு கேட்க இருப்பது 30 நாள். ஏழு நாளில் என்ன செய்தோம் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர் முதல் நாளே காட்டியிருக்க வேண்டிய ஆவணங்களும் இவைதான்.

முதலில் கடையின் மாதத்தைப் பிரித்தோம். சம்பளத்தை ஒட்டிய நாலு நாள், நாளுக்கு 2 இலட்சம்: 8 இலட்சம். நாலு ஞாயிறு, நாளுக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம்: 5.6 இலட்சம். மிச்சம் 18 நாள், நாளுக்கு 70 ஆயிரம்: 12.6 இலட்சம். மொத்தம் 26.2 இலட்சம். 52 எங்கே, 26.2 எங்கே? மூன்று மாதத்துக்கு 78.6 இலட்சம்தான் வருகிறது, எல்லைக்குப் பாதியளவு.

ஆனால் நாம் பிரித்துச் சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி கொள்முதல் பில்லில் இருந்தது. கொழும்பு மொத்தக் கடைகளின் பில்கள், லொறியில் வந்து இறக்கும் விநியோகஸ்தர்களின் பில்கள் எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்கிக் கூட்டினோம். மாதம் ஏறக்குறைய 23.5 இலட்சம் வந்தது. மளிகையில் நூற்றுக்குப் பத்து நிற்பதே பெரிய விஷயம். 52 இலட்சத்துக்கு விற்க வேண்டுமென்றால் 46, 47 இலட்சத்துக்காவது சரக்கு வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சரக்கு எங்கே? வாங்கியதற்குப் பில் இல்லை, வங்கிக் கூற்றில் பணம் போகவில்லை, வைப்பதற்குக் கடையில் இடமும் இல்லை. இதைத்தான் மனுவின் முதல் பக்கத்தில் எழுதினோம்.

மனுவில் இன்னொன்றும் சேர்த்தோம். எல்லைக்குக் கணக்கெடுக்க வேண்டியது வரிக்குட்பட்ட விற்பனையை மட்டும்தான் என்று வாதிட்டோம். மரக்கறி, அரிசி போன்று வற் விலக்குள்ள பொருட்களின் விற்பனையை அதில் சேர்க்கக்கூடாது என்றோம். தோட்டத்துக் கடையில் அரிசிக்கு எவ்வளவு இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எண்ணாக வாயால் சொல்லும்போது இந்தப் பிரிவு எல்லாம் கரைந்து போய்விடுகிறது.

எட்டு மாதம் கழித்து மதிப்பீடு நீங்கியது. ஆனால் அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு சந்திப்பிலும் கோப்பைத் திறந்து, "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்றுதான் தொடங்கினார்கள். ஆமாம் என்பதைத் தவிர அவரிடம் பதிலில்லை. கொழும்புக்குப் போய் வந்த செலவை விடுங்கள். அந்த மனிதர் அந்த வருடம் தீபாவளிக்குச் சரக்கு எடுக்கவே பயந்தார்.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. உண்மையில் அவர் எதையும் மறைக்கவில்லை, எண்ணைத் தவறாகவும் சொல்லவில்லை. எந்த நாளின் எண் என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு.

ஆகவே இந்தக் கேள்வி வந்தால் வாயால் எண் சொல்லாதீர்கள். "நாளுக்கு நாள் மாறும் சேர், கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கொப்பியை எடுங்கள். கொப்பி கணக்கெழுதுபவரிடம் இருந்தால் அதையே சொல்லி, கொண்டுவர ஒரு திகதி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று தாளில் எழுதச் சொல்வதில் வெட்கமில்லை. வற்புறுத்திக் கேட்டால் சம்பள வாரம், ஞாயிறு, சாதாரண நாள் என்று மூன்றாகப் பிரித்து மூன்று எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து

சிங்களம் பேசுவது வேறு, எழுதியதை வாசிப்பது வேறு. நம்மில் பலருக்கு முதலாவது தண்ணீர் பட்ட பாடு, இரண்டாவது சுத்தமாக வராது. அதை அதிகாரியிடம் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையை மேலே பார்த்தீர்கள்.

சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்ற ஒருவருக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. தமிழ் தெரிந்த அதிகாரி அந்த நேரத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் சொல்வதை நீங்களே தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லி, சொல்லுக்குச் சொல் பொருள் கேளுங்கள். எண் வருகிற ஒவ்வொரு வரியிலும் நிறுத்துங்கள்: இது எந்த நாள், எந்த மாதம், கடன் சேர்த்தா, சேர்க்காமலா? பிழையிருந்தால் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள்.

கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: "இது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வாய்மொழியாக விளக்கப்பட்டது." திகதியும் நேரமும் போடுங்கள். பக்கங்களுக்கு இடையிலும் வரிகளுக்குக் கீழேயும் வெற்றிடம் இருந்தால் கோடு இழுத்து அடையுங்கள். ஒரு பிரதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்றிரவே கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் நினைவிலிருந்து எழுதி வையுங்கள். சொன்னதில் பிழை என்று பிறகு தெரிந்தால் மதிப்பீடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்தத்தை ஆதாரத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தலவாக்கலைத் தம்பிக்கு மறுநாளே செய்யச் சொன்னது இதைத்தான்.

லாச்சியில் இருப்பதெல்லாம் இன்றைய வியாபாரம் என்பது

இது என் பிழை. மாமாவின் கடையில் லாச்சியை எண்ணியபோது 34,000 ரூபாய் இருந்தது. "இன்றைய வியாபாரமா?" என்றார்கள், ஆமென்றேன். பயத்தில் வந்த ஆம். உண்மையில் அன்றைய விற்பனை 11,000. பழைய கடன் வந்தது 17,500. மாமி பிடித்த சீட்டுக் காசு 4,000. காலையில் வைத்த சில்லறை 1,500. கடனுக்குக் கொடுத்த சாமானை முந்தின மாதமே விற்பனையில் எழுதிவிட்டோம். அந்த 17,500ஐ என் வாயாலேயே இரண்டாம் தடவை விற்றேன்.

எண்ணும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தொகையின் கீழே பிரிவையும் எழுதச் சொல்லுங்கள். சீட்டுக் காசை லாச்சியில் வைக்கவே வேண்டாம்.

கடன் கொப்பியை ஒளிப்பது

தோட்டத்துச் சனத்தின் பெயர்கள் இருக்கிறதே, அவர்களுக்குத் தொந்தரவு வருமே என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளுகிறார்கள். லாச்சியில் இருந்த காசு பழைய கடன் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தமிழில் எழுதியிருப்பதும் குற்றமில்லை. கொடுத்த திகதி, வந்த திகதி இரண்டும் இருக்கட்டும். கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், கடன் கொப்பியையும் அதோடு வையுங்கள்.

இரண்டு கணக்கு வைத்திருப்பது

வேண்டாம்.

பெடியனைப் பேச விடுவது

முதலாளி இல்லாத நேரம் வந்தால், அவன் சொல்ல வேண்டியது உங்கள் தொலைபேசி இலக்கம் மட்டும்தான். இதை அவனுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

கொடுத்த ஆவணத்துக்குப் பட்டியல் வாங்காதது

எந்தக் கொப்பி, எத்தனை பக்கம், எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம்வரை பில் என்று எழுதி, எடுத்துச் செல்பவரின் கையெழுத்தோடு ஒரு தாள் உங்களிடம் இருக்க வேண்டும். முடிந்தால் பிரதி கொடுங்கள். அசலைத்தான் கேட்டால், போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஹட்டன் கடைக்காரர் அப்படி எடுத்து வைத்திருந்த ஒரே விஷயம் கொள்முதல் பில் கட்டு. அந்த ஏழு நாளில் நாங்கள் கூட்டியது அந்தப் படங்களைத்தான்.