நாவலில் ஓர் இடத்தைக் காதாலும் மூக்காலும் தோலாலும் எழுதுவது: ஒரு நெல் களத்தை வைத்துச் செய்முறை

பழைய பாணி அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புழுங்கல் அரிசிக்காக அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். புதிதாக எழுதுகிறவர்களின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பெரிய களத்தில் நெல் மஞ்சளாகப் பரந்து கிடந்தது. ஓரத்தில் ஊறல் தொட்டிகள் தெரிந்தன. நடுவில் செல்லம்மா நின்றாள்."

தப்பு ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற யாரும் இதை எழுதிவிடலாம். செல்லம்மா அங்கே வேலை செய்பவள் என்பதற்கான தடயம் இதில் இல்லை.

படி 1: அவள் எதை முடிவு செய்ய வேண்டும்?

முதலில் இதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நெல் பதமாகக் காய்ந்துவிட்டதா, எப்போது குவிப்பது என்பதைச் செல்லம்மா முடிவு செய்ய வேண்டும். ஈரம் மிஞ்சினால் நெல் கெடும். அதிகம் காய்ந்தால் அரைக்கும்போது உடைந்து குருணையாகும். இந்த முடிவுக்கு உதவும் புலன்கள்தான் காட்சிக்குள் வர வேண்டும்.

படி 2: மணத்தை மாற்றத்தில் பிடியுங்கள்

நெல்லைப் பச்சைத் தண்ணீரில் 2, 3 நாள் ஊறவைத்தால் தொட்டி புளித்து நாறும். உடனே "புளித்த வாடை வீசியது" என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அங்கேயே வருஷக்கணக்காக வேலை செய்கிற செல்லம்மாவுக்கு அது வாடையே இல்லை. அவள் பார்வையில் போகும் கதையில் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

அந்த வாடை கட்டாயம் வேண்டுமென்றால், முதல் தடவை மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவரின் மூக்குக்குக் கொடுங்கள். அல்லது சாயங்காலம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் லேசாக நகர்ந்து உட்காரட்டும். வாடையைப் பற்றி ஒரு சொல்கூட எழுத வேண்டாம். செல்லம்மாவின் மூக்குக்கு எட்டுவது புதிதாக வருவது மட்டும்தான்: காற்றில் கலந்துவரும் ஈர மண் வாடை. காயப்போட்ட களத்தில் அதற்கு ஒரே அர்த்தம், பக்கத்தில் எங்கோ மழை பெய்கிறது.

படி 3: ஓசையும் அப்படித்தான்

ஓடிக்கொண்டே இருக்கும் மிஷின் சத்தம் அவள் காதில் விழாது. நின்றால் விழும். "கடகட", "தடதட" போன்ற இரட்டைக்கிளவிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவை எந்த மிஷினுக்கும் பொருந்திவிடும். அந்தச் சத்தம் கேட்டவருக்கு என்ன சேதி சொன்னது என்று எழுதினால் போதும்.

படி 4: தொடுதலுக்கு ஓர் உறுப்பும் ஒரு வேலையும்

"வெயில் சுட்டது" என்றால் எங்கே சுட்டது? களத்தில் நெல்லைக் காலால் கீறிப் புரட்டுவார்கள். ஆகவே பாதம். பதம் பார்க்க ஒரு மணியைக் கடிப்பார்கள். ஆகவே பல். இந்த இரண்டு உறுப்புகள் இந்தக் காட்சிக்குப் போதும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம்:

"செல்லம்மா காலால் கீறிக்கொண்டே போனாள். மேல்நெல் பாதத்தைச் சுட்டது. விரலிடுக்கில் புகுந்த அடிநெல்லில் இன்னும் ஈரம். ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். முறியாமல் நசுங்கியது. இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். உள்ளே மிஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது போல. தொட்டிப் பக்கம் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. மேற்கிலிருந்து வந்த காற்றில் ஈர மண் வாடை. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. 'தார்ப்பாயை எடுங்கடி!' என்று கத்தினாள்."

படி 5: அடித்துப் பாருங்கள்

ஒவ்வொரு புலன் வாக்கியத்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். அது இல்லாமலும் செல்லம்மா அதையேதான் செய்வாள், அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் குறையவில்லை என்றால் வாக்கியம் போகட்டும். கழுத்தில் ஒட்டி அரிக்கும் உமித்தூசி உண்மையானதுதான், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் மழை வரப்போகிற இந்த நிமிடத்தில் அதற்கு வேலை இல்லை. மதியம் சாப்பிட உட்காரும் காட்சியில் வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பத்தியிலும் மூன்று புலனையும் திணித்தால் வாசகர் கதையை விட்டுவிட்டுப் பட்டியல் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

தெரியாத இடத்தை எழுதும்போது

நேரில் போய் ஒரு நாள் நிற்பது நல்லது. ஆனால் நாம் போனால் லாரி டிரைவரின் மூக்கோடுதான் போவோம். அதனால் அங்கே வேலை செய்பவரிடம் பேசுங்கள். "இங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "வெயில்தான், கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார்கள். "பதம் ஆயிடுச்சுன்னு எப்படிக்கா தெரியும்?", "எந்தச் சத்தம் கேட்டா ஓடுவீங்க?" என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வினைச்சொற்களோடு அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கடிச்சா நசுங்கும், முறியும், ஒட்டும் என்று அவர் சொல்வதை "ஈரப்பதம் அதிகமாக இருந்தது" என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.