412-க்கு இரண்டு பேர்: பெல் டெஸ்க்கில் பெட்டி மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஓட்டலில் கெஸ்ட்களின் பெட்டிகளைக் கவனிக்கும் பெல் டெஸ்க்கில் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒருவருடைய பெட்டியைக் கொண்டுபோய் இன்னொருவர் அறையில் வைத்துவிட்டேன். நடந்தது இதுதான். 412-ல் தங்கியிருந்தவர் காலை 11 மணிக்கு ரூமைக் காலி செய்தார். ராத்திரிதான் ஃபிளைட் என்பதால் கறுப்புப் பெட்டி ஒன்றை எங்களிடம் விட்டுப் போனார். டேகில் பெரிதாக ‘412’ என்று எழுதி ஸ்டோர் ரூமில் வைத்தேன். 12 மணிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அவருக்கும் 412-தான், ஆனால் அறை இன்னும் தயாராகவில்லை. அவருடைய கறுப்புப் பெட்டியிலும் ‘412’ என்று எழுதி, அதே ஷெல்ஃபில் வைத்தேன். 2 மணிக்கு ரிசப்ஷனிலிருந்து “412 ரெடி, லக்கேஜை மேலே அனுப்பு” என்றார்கள். கைக்கு முதலில் எட்டிய பெட்டியை எடுத்துப் போய்விட்டேன்.

புது கெஸ்ட் அசதியில் பெட்டியைத் திறக்காமலே தூங்கிப்போனார். மாலை 6 மணிக்குப் பழைய கெஸ்ட் வந்து “இது என் பெட்டி இல்லையே” என்று சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. நல்லவேளையாகப் பெட்டி ஓட்டலுக்குள்ளேயே இருந்தது.

ரூம் நம்பர் ஆளின் அடையாளம் ஆகாது. ஒரே நாளில் அது இரண்டு பேருக்குச் சொந்தமாக இருக்கும். அதனால் இங்கே டேகையும் எண்ணிக்கையையும் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். புன்னகையோடு வரவேற்பது எப்படி என்பதையெல்லாம் உங்கள் ட்ரெயினிங்கிலேயே சொல்லிவிடுவார்கள்.

1. கார் வந்து நின்றதும்

வணக்கம் சொன்ன கையோடு எண்ணத் தொடங்குங்கள். டிக்கியிலிருந்து இறக்குவதை மட்டும் எண்ணினால் போதாது. பின் சீட், முன் சீட், கால் வைக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கெஸ்ட் காதில் விழும்படி சொல்லுங்கள்: “சார், பெரிய பெட்டி இரண்டு, சின்னது ஒன்று, துணிப்பை ஒன்று. மொத்தம் நாலு. சரிதானே?” அவர் ‘சரி’ என்ற பிறகுதான் கார் கதவை மூட வேண்டும். டாக்சியாக இருந்தால் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் சீட்டிலேயே தங்கிவிட்டது என்று பத்து நிமிடம் கழித்து ஓடிவருவார்கள். அப்போது அந்த எண் ஒன்றுதான் பிடி.

லேப்டாப், பாஸ்போர்ட், மருந்து, பணம் இருக்கும் பையை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடையக்கூடியது எது என்றும் கேட்டுவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு உருப்படியையும் ஒரு சுற்று பாருங்கள். சக்கரம் உடைந்திருக்கிறதா, ஜிப் பிய்ந்திருக்கிறதா, மூலையில் விரிசலா? இருந்தால் அப்போதே காட்டி, லக்கேஜ் விவரத்தைக் குறிக்கும் எர்ரண்ட் கார்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல்முறை இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அறைக்குப் போன பிறகு அந்த விரிசல் கண்ணில் பட்டால், அது உங்கள் கையில் வந்த விரிசல் ஆகிவிடும்.

தூக்கும்போது முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 32 கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை. காரில் வரும் பெட்டிக்கு அந்த வரம்பும் கிடையாது. அசைத்துப் பார்த்துக் கனமாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

2. டேக் கட்டுவது

நம் டேகில் இரண்டு பாதிகள் இருக்கும், இரண்டிலும் ஒரே எண். மேல்பாதி பெட்டிக்கு, கிழித்தெடுக்கும் கீழ்பாதி கெஸ்டுக்கு. நேராக அறைக்குப் போகும் பெட்டிக்குச் சில ஓட்டல்களில் கீழ்பாதியைக் கொடுப்பதில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போகிற பெட்டிக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

எழுத வேண்டியது முதலில் பெயர், அதுவும் முழுப் பெயர். அடுத்து தேதி, ‘வருகை’யா ‘புறப்பாடு’ஆ என்பது, நாலில் எத்தனையாவது உருப்படி என்பது. ரூம் நம்பர் கடைசியில், சின்னதாக இருந்தால் போதும். நாலு உருப்படி என்றால் நாலு டேக்: 1/4, 2/4, 3/4, 4/4. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டேகில் முடித்துவிட்டால், ஒரு பை உருண்டு வேறு ஷெல்ஃபுக்குப் போகும் நாளில் அது யாருடையது என்றே தெரியாது.

கட்டுகிற இடம் முக்கியம். பெட்டியோடு நிலையாக இருக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியில்தான் கட்ட வேண்டும். ஜிப்பின் இழுவையில் கட்டினால் இழுக்கும்போது பிய்ந்துவிடும். இழுத்து நீட்டும் கைப்பிடியில் கட்டினால், அதை உள்ளே தள்ளும்போது டேக் மாட்டிக் கிழியும். பழைய ஓட்டல் டேக், ஏர்லைன் ஸ்டிக்கர் ஏதாவது தொங்கினால், கேட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். அவசரத்தில் கண் முதலில் அதைத்தான் படிக்கும்.

இதோடு எர்ரண்ட் கார்டையும் நிரப்ப வேண்டும்: பெயர், உருப்படிகள், நேரம், எடுத்துப் போகிறவர் பெயர். கையில் அதிகம் கொண்டுவராமல் வரும் கெஸ்டை ரிசப்ஷனுக்குத் தெரிவிப்பதும் பெல் டெஸ்க்கின் வேலைதான். பில் கட்டாமல் நடந்தே போய்விட அவருக்குத் தடையாகப் பெட்டி எதுவும் இல்லையே! இதைக் கெஸ்டுக்குத் தெரியாமல், ஸ்கேன்ட்டி பேகேஜ் ரிஜிஸ்டரில் எழுதி முடித்துவிடுவார்கள்.

3. அறைக்கு

டிராலியில் கனமானது அடியில், உடையக்கூடியது மேலே. உங்கள் கண் உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். எதிரில் குழந்தை வந்தால் தெரியாது. ரூம் நம்பரை லாபியில் சத்தமாகச் சொல்லவும் வேண்டாம்.

அறை காலி என்று ரிசப்ஷனில் சொல்லியிருந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். உள்ளே படுக்கை கலைந்திருந்தாலோ வேறு யாருடைய செருப்பு கிடந்தாலோ, பெட்டியை அங்கே வைத்துவிட்டு விசாரிக்கப் போகாதீர்கள். பெட்டியும் உங்களோடு வெளியே வரட்டும். எல்லாம் சரியாக இருந்தால் லக்கேஜ் ரேக்கில் வையுங்கள், படுக்கையில் வேண்டாம். மறுபடியும் எண்ணிச் சொல்லுங்கள்: “நாலும் வந்துவிட்டது சார்.”

4. ஸ்டோர் ரூம்

இங்கேதான் நான் 412-ல் சறுக்கினேன். அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றம் ரொம்பச் சின்னது. அறைக்காகக் காத்திருப்பவர்களின் பெட்டிக்கு ஒரு பக்கம், காலி செய்தவர்களின் பெட்டிக்கு எதிர்ப்பக்கம். டேகும் இரண்டு நிறம். ஒரே எண், ஒரே கறுப்பு என்றாலும் இரண்டு பெட்டிகளும் ஒரே ஷெல்ஃபில் சந்திக்க வழியில்லை.

ஒருவருடைய உருப்படிகளைச் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டி, டேக் வெளிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். ரிஜிஸ்டரில் டேக் எண், பெயர், எத்தனை, என்ன நிறம், எப்போது வந்தது, யார் வாங்கியது, எப்போது எடுப்பார் என்று எழுத வேண்டும். ‘கறுப்புப் பெட்டி’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ‘கறுப்பு, நாலு சக்கரம், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன்’ என்று எழுதுங்கள்.

வாங்கக்கூடாதவையும் உண்டு. பணமும் நகையும் லாக்கருக்குப் போக வேண்டும். கெட்டுப்போகும் உணவு, தீப்பிடிக்கக்கூடியவை, பூட்டாத பெட்டி ஆகியவற்றை ஏற்க வேண்டாம். “என் நண்பர் வந்து வாங்கிக்கொள்வார்” என்று ஒருவர் பை நீட்டினால், பை கொடுப்பவர் நம் கெஸ்டா என்று பாருங்கள். வாங்க வருபவரின் பெயரை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவர் வரும்போது அடையாள அட்டையைக் கேளுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது சாவியை மட்டும் கைமாற்றாதீர்கள். ரிஜிஸ்டரில் 17 இருந்தால், அடுத்தவரும் நீங்களும் சேர்ந்து நின்று 17-ஐ எண்ணிப் பாருங்கள். 16 இருந்தால், பகல் ஆட்கள் வீட்டுக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

5. திருப்பிக் கொடுப்பது

ஒரு உதாரணம். 1141 முதல் 1144 வரை நாலு டேகுகளில் ஒருவர் பெட்டிகளை விட்டுப் போயிருக்கிறார். மாலை 4 மணிக்கு வந்து சட்டை மாற்ற வேண்டும், சின்னப் பை மட்டும் போதும் என்கிறார். அது 1143. அவரிடம் இருக்கும் நாலு கீழ்பாதித் துண்டுகளில் 1143-ஐ மட்டும் வாங்கி, பெட்டியில் இருக்கும் பாதியோடு சேர்த்துப் பாருங்கள். எண் ஒத்துப்போனால் பையைக் கொடுத்து, ரிஜிஸ்டரில் ‘1143 எடுத்தார், மீதி 3’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒருமணி நேரத்தில் அதே பையைத் திருப்பிக் கொண்டுவருவார். பழைய டேகையே மறுபடி கட்ட வேண்டாம். புது டேக், புது வரி. இல்லையென்றால் இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு 3 என்று எழுதியிருக்கும் இடத்தில் 4 கிடைக்கும்.

துண்டைத் தொலைத்துவிட்டு வருபவர்கள் தினமும் உண்டு. பெட்டியை எடுத்துவந்து “இதுவா?” என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். பெட்டி உள்ளேயே இருக்கட்டும். நிறம், அடையாளம், உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு பொருள் ஆகியவற்றை முதலில் அவரைச் சொல்லவிடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர் ரிஜிஸ்டரோடு பொருந்த வேண்டும். அப்புறம் அவரை வைத்தே பெட்டியைத் திறந்து அந்தப் பொருளைப் பார்த்து, ‘துண்டு தொலைந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெல் டெஸ்க்கின் பொறுப்பாளரான கேப்டனும் பக்கத்தில் இருக்கட்டும்.

6. அறையிலிருந்து நேராகப் புறப்படுபவர்

போனில் கூப்பிட்டதும் அறை எண், நேரம், எத்தனை உருப்படி என்று கார்டில் குறித்துக்கொண்டு போங்கள். அறையில் எண்ணிய பிறகு அலமாரி, பாத்ரூம் கதவின் பின்பக்கம், கட்டிலை ஒட்டிய பிளக் பாயிண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். என் அனுபவத்தில் சார்ஜர்தான் அதிகம் மறந்துபோகும். லாக்கரைக் கெஸ்டே திறந்து பார்க்கட்டும்.

கீழே வந்ததும் பெட்டி பெல் டெஸ்க் பக்கத்தில் நிற்க வேண்டும், காரில் ஏறக்கூடாது. பில் முடிந்தது, சாவி வந்தது என்று கேஷியர் கார்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகும். அவசரப்படும் கெஸ்ட் முறைப்பார், பரவாயில்லை. டிக்கியை மூடுமுன் அவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லி, எண்ணிச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் ஸ்டோர் ரூமில் டேக் இல்லாத பெட்டி ஒன்று இருக்கும். ரிஜிஸ்டரிலும் இருக்காது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. யாருடையது என்று பார்க்கத் திறக்காதீர்கள், தூக்கி ஓரமாகவும் வைக்காதீர்கள். அறையைவிட்டு வெளியே வந்து, வேறு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, கேப்டனையும் செக்யூரிட்டியையும் கூப்பிடுங்கள்.