100 பவுண்ட் போனஸ் எப்போது 100 பவுண்ட் இல்லை: ஆஃபர்களை ஒப்பிடுவதில் செய்யும் தவறுகள்

லண்டனில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் ஒருநாள் போனை நீட்டினார். திரையில் மூன்று ஆன்லைன் கேசினோ ஆஃபர்கள். ஒன்றில் டெபாசிட் செய்யும் தொகைக்குச் சமமாக 100 பவுண்ட் வரை போனஸ். இன்னொன்றில் 50 ஃப்ரீ ஸ்பின். மூன்றாவதில் தோற்ற பணத்தில் 10 சதவீதம் கேஷ்பேக், அதிகபட்சம் 100 பவுண்ட். "எதுடா நல்லது?" என்றார். அவர் மனதில் ஏற்கெனவே வரிசை தயார். 100, 100, அப்புறம் 50.

அந்த மூன்று எண்களும் மூன்று வேறு பொருட்களின் அளவு. ஒன்று நிபந்தனையோடு வரும் பணம், ஒன்று ஸ்பின்களின் எண்ணிக்கை, ஒன்று உச்சவரம்பு. பெரிதாக அச்சிட்ட எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் சராசரியாகக் கையில் நிற்கப்போவது எவ்வளவு என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும். கணக்கில் இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர்.

நான் சொல்வதெல்லாம் பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களைப் பற்றி. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் தடை செய்துவிட்டது. அங்கிருந்து படிப்பவர்களுக்கு இது வெறும் கணக்குதான்.

முதல் தவறு, போனஸ் தொகையைப் பணமாகவே நினைப்பது. போனஸாகக் கொடுத்த 100 பவுண்டை அப்படியே எடுக்க விடமாட்டார்கள். அதை இத்தனை மடங்கு பந்தயம் வைத்துச் சுழற்றி முடிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து நாங்கள் வேஜரிங் என்போம். 35 மடங்கு என்றால் மொத்தம் 3,500 பவுண்டுக்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். கையில் அவ்வளவு பணம் தேவையில்லை, ஜெயித்ததையே திரும்பத் திரும்ப வைப்பதும் கணக்கில் சேரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கேசினோ தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். வைத்த பணத்தில் ஆடுபவர்களுக்குச் சராசரியாகத் திரும்பி வரும் சதவீதத்தை ஆர்டிபி என்பார்கள். படங்கள் சுழலும் ஸ்லாட் விளையாட்டு ஒன்றில் ஆர்டிபி 96 சதவீதம் என்றால், வைக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 4 பவுண்ட் போய்விடும். 3,500-இல் 4 சதவீதம் 140 பவுண்ட். 100 பவுண்ட் பரிசை வாங்க 140 பவுண்ட் செலவு. டெபாசிட்டையும் போனஸையும் சேர்த்து 35 மடங்கு என்று எழுதியிருந்தால் அது 280 ஆகிவிடும். "போனஸுக்கு மட்டும்" என்பதற்கும் "டெபாசிட் + போனஸ்" என்பதற்கும் இடையில் ஒரே ஒரு கூட்டல் குறிதான், ஆனால் செலவு இரட்டிப்பு.

பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் நிலைமை மாறியிருக்கிறது. போனஸின் 10 மடங்குக்கு மேல் வேஜரிங் கேட்கக்கூடாது என்று சூதாட்ட ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. அதே 100 பவுண்டுக்கு இப்போது 1,000 பவுண்ட் சுழற்றினால் போதும். 4 சதவீதத்தில் செலவு 40, மிச்சம் 60. ஆஃபரின் தலைப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, உள்ளே இருப்பது மைனஸ் 40-இலிருந்து பிளஸ் 60-க்கு வந்துவிட்டது. பிரிட்டன் உரிமம் இல்லாத தளங்களில் 35, 40 மடங்கெல்லாம் இன்னும் சகஜம். அங்கே போனஸ் தொகை பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஆர்டிபி. விளையாட்டின் பெயரைத் தேடி, ஏதோ ஒரு பக்கத்தில் 96 என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரே ஸ்லாட்டைத் தயாரிப்பாளர்கள் பல ஆர்டிபி அளவுகளில் விற்கிறார்கள். ஒரு தளத்தில் 96 ஆக இருப்பது பக்கத்துத் தளத்தில் 94 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். படமும் பாட்டும் அப்படியேதான் இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தளத்திலேயே விளையாட்டைத் திறந்து, உதவிப் பக்கத்தின் கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும். 96-க்கும் 94-க்கும் இரண்டே புள்ளிதானே என்று தோன்றும். நமக்கு ஆகும் செலவோ 4-இலிருந்து 6-க்கு, அதாவது ஒன்றரை மடங்காக ஏறுகிறது. மேலே சொன்ன 60 பவுண்ட் 40 ஆகிவிடும்.

சரி, ஸ்லாட் வேண்டாம், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் கேசினோவின் பங்கு அரை சதவீதம்தானே, அதில் சுழற்றி முடித்துவிடலாம் என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். கேசினோவும் யோசித்திருக்கிறது. 35 மடங்கு கேட்கும் ஆஃபர்களில், ஸ்லாட்டில் வைத்தது முழுதும் சேரும், பிளாக்ஜாக்கில் வைத்ததில் 10 சதவீதம்தான் சேரும் என்றெல்லாம் விதியில் இருக்கும். 3,500 பவுண்ட் நிபந்தனையை முடிக்க அங்கே 35,000 பவுண்ட் சுழற்ற வேண்டும். அதில் அரை சதவீதம் 175 பவுண்ட். ஸ்லாட்டில் 140-தான் ஆகியிருக்கும். அதுவும் ஒரு தவறில்லாமல் ஆடினால் மட்டுமே அந்த அரை சதவீதம்.

நான் போட்ட கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 3,500 பவுண்டையும் சுழற்றி முடிப்போம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பலருக்கு நடுவிலேயே பணம் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் சுழற்ற எதுவுமில்லை, அதனால் சராசரி சுழற்சி 3,500-ஐவிடக் குறைவு, சராசரி செலவும் 140-ஐவிடக் குறைவு. இதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் பெரிய பெரிய பந்தயமாக வைப்பார்கள். பெரும்பாலும் சீக்கிரமே காலியாகும், எப்போதாவது பெரிதாக அடிக்கும், சராசரியில் போனஸ் லாபமாகிவிடும். இந்த வழியை அடைக்கத்தான் இரண்டு விதிகள். போனஸ் ஓடும்போது ஒரு பந்தயத்தில் இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது ஒன்று. மீறினால் ஜெயித்ததை ரத்து செய்துவிடுவார்கள். போனஸிலிருந்து இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாது என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது விதியைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்லாட்டின் 96 சதவீதத்தில் ஒரு நல்ல பகுதி, ஆயிரக்கணக்கான ஸ்பின்களில் ஒருமுறை வரும் பெரிய பரிசிலிருந்து வருகிறது. 200 பவுண்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று இருந்தால், அந்தப் பெரிய பரிசு உங்களுக்கு 200-தான். அப்புறம் உங்களைப் பொறுத்தவரை அது 96 சதவீத விளையாட்டே இல்லை. விதிப்பக்கத்தில் இந்த வரம்பு இருந்தால் நான் போட்ட 60-ஐ இன்னும் கீழே இறக்கித்தான் வைப்பேன்.

நேரத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் ஸ்லாட் தானாகச் சுழல அனுமதி இல்லை, ஒரு ஸ்பின்னுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது இரண்டரை விநாடி இடைவெளி வேண்டும். 20 பென்ஸ் வீதம் 1,000 பவுண்ட் சுழற்ற 5,000 ஸ்பின். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தினால், நிற்காமல் ஆடினாலும் மூன்றரை மணி நேரம் ஆகும். 60 பவுண்ட் சராசரிக்கு இது கூலி என்று வைத்துக்கொண்டால் மோசமில்லை, ஆனால் எந்த வேலையிலும் கூலி வாங்கப்போய் நம் 100 பவுண்டைத் தொலைத்துவிட்டு வர மாட்டோம்.

ஃப்ரீ ஸ்பின்னுக்குக் கணக்கு சுலபம். எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு ஸ்பின் எத்தனை பென்ஸ் என்று தேடுங்கள். அது பெரும்பாலும் 10 பென்ஸ். நண்பர் காட்டிய 50 ஸ்பின் என்பது 5 பவுண்ட் மதிப்புள்ள ஆட்டம், 96 சதவீதத்தில் 4.80 பவுண்ட். அதில் ஜெயித்ததற்கு வேஜரிங் இல்லை என்று எழுதியிருந்தது, அது உண்மையிலேயே நல்ல விஷயம். ஸ்பின்களைப் பெற முதலில் 10 பவுண்ட் பந்தயம் வைக்க வேண்டும், அதில் 40 பென்ஸ் போகும். நிகரம் 4.40. ஜெயித்ததை 10 மடங்கு சுழற்று என்று இருந்திருந்தால், 4.80-க்கு 48 பவுண்ட் சுழற்சி, அதில் 1.92 போய் 2.88 நிற்கும், 40 பென்ஸையும் கழித்தால் இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. 10 பென்ஸ் வீதம் 200 ஸ்பின்னும், 1 பவுண்ட் வீதம் 20 ஸ்பின்னும் ஒரே 20 பவுண்ட்தான்.

கேஷ்பேக்தான் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அதன் மதிப்பு நாம் ஆடும் விதத்தைப் பொறுத்து மாறும். 100 பவுண்ட் வரை என்பதை முதலில் மறந்துவிடுங்கள். அந்த 100-ஐப் பார்க்க வேண்டுமானால் 1,000 பவுண்ட் தோற்க வேண்டும்.

ஒரு பூஜ்யம் உள்ள ஐரோப்பிய ரவுலட்டை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தில் 37 எண்கள், அதில் 18 சிவப்பு; சிவப்பு வந்தால் வைத்த அளவுக்கே லாபம். அன்றைய நிகர நஷ்டத்தில் 10 சதவீதம் ரொக்கமாகத் திரும்பும் என்று வைப்போம். ஒருவர் சிவப்பில் ஒரே தடவை 50 பவுண்ட் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். கேஷ்பேக் இல்லாவிட்டால் அவருடைய சராசரி நஷ்டம் 1.35 பவுண்ட். கேஷ்பேக் இருந்தால், 37-இல் 19 முறை தோற்கும்போது 5 பவுண்ட் திரும்ப வரும், சராசரியில் அது 2.57. ஆக 1.22 பவுண்ட் லாபம். இன்னொருவர் அதே 50 பவுண்டை ஒரு பவுண்ட் வீதம் 50 தடவை வைக்கிறார். சராசரி நஷ்டம் அதே 1.35. ஆனால் வெற்றியும் தோல்வியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நாள் முடிவில் நிகர நஷ்டம் சிறிதாகத்தான் இருக்கும். கேஷ்பேக்காக அவருக்குச் சராசரியாக வருவது ஏறக்குறைய 35 பென்ஸ். அவர் ஒரு பவுண்ட் நஷ்டத்தில் நிற்கிறார்.

அதனால் கேஷ்பேக்கில் சதவீதத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது, நஷ்டத்தை எந்தக் காலத்துக்குக் கணக்கிடுகிறார்கள் என்பது. தினமும் கணக்கு முடித்தால் நமக்கு நல்லது. வாரம், மாதம் என்று நீட்டினால், ஒருநாள் ஜெயித்தது மறுநாள் தோற்றதைத் தின்றுவிடும். நீண்ட நாள் ஆடுபவருக்கு 10 சதவீதக் கேஷ்பேக் என்பது, 4 சதவீதமாக இருக்கும் கேசினோவின் பங்கை 3.6 ஆக்குவது, அவ்வளவுதான். திருப்பித் தருவது ரொக்கமா, போனஸா என்பதும் உண்டு. போனஸாகத் தந்து 10 மடங்கு கேட்டால், 4 சதவீத ஸ்லாட்டில் அதில் நாற்பது சதவீதம் அங்கேயே கரைந்துவிடும்.

நண்பரின் மூன்று ஆஃபர்களையும் இப்படிப் போட்டுப் பார்த்தோம். டெபாசிட் போனஸ் 94 சதவீத ஸ்லாட்டுக்கு மட்டும் என்று இருந்தது, எடுக்கும் தொகைக்கு வரம்பும் இருந்தது. ஆக 40-க்கும் கீழே, 100 பவுண்டைப் பணயம் வைத்து. ஸ்பின் 4.40, பணயம் 10 பவுண்ட்தான். கேஷ்பேக் வாரக் கணக்கு. வாரத்துக்கு 500 பவுண்ட் சுழற்றுவேன் என்றார். 4 சதவீதத்தில் சராசரி நஷ்டம் 20, திரும்ப வருவது 2 பவுண்டும் அதற்கு மேல் கொஞ்சமும். நஷ்டத்தில்தான் முடியும். எனக்குப் பிடித்தது ஸ்பின்தான். போனஸின் சராசரி பெரிது, ஆனால் அது பலமுறை செய்தால் கிடைக்கும் சராசரி. புது வாடிக்கையாளருக்கு அது ஒரே ஒரு முறை.

நண்பர் போனஸைத்தான் எடுத்தார். நிபந்தனை முடிந்தபோது கணக்கில் 231 பவுண்ட் இருந்தது, அதாவது 131 லாபம். அன்று இரவே எடுத்துவிடு என்றேன். நாளைக்கு எடுக்கலாம் என்றார். மறுநாள் எந்த போனஸும் இல்லாமல், அதே 94 சதவீத ஸ்லாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்.