விந்துப் பரிசோதனைக்கு முன் காலண்டரைப் பாருங்கள்

தை, மாசியில் டெல்டா முழுக்க சம்பா அறுவடை. அறுவடை மெஷின் ஓட்டும் தம்பிகள் நாள் முழுக்க இன்ஜின் சூட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நெல் அவிக்கும் அரிசி ஆலைகளில் பாய்லர் பக்கம் நிற்பவர்களுக்கும் இதே கதைதான். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். இறுக்கமான ஜட்டியும் ஜீன்ஸும் அந்தச் சூட்டை வெளியே விடாது. வேட்டி, லுங்கி கட்டுபவருக்கு இதில் கொஞ்சம் லாபம்!

ஒரு விந்தணு உருவாகி வெளியே வர கிட்டத்தட்ட 3 மாதம் ஆகும். அதனால் பிப்ரவரியில் பட்ட சூடு மார்ச், ஏப்ரல் ரிப்போர்ட்டிலும் தெரியும். கடும் காய்ச்சலும் அப்படித்தான். மார்ச்சில் எண்ணிக்கை குறைவாக வந்தால் பதற வேண்டாம். சிகரெட், பீடி, குடியை அன்றே நிறுத்தி, சூட்டைத் தவிர்த்து, ஜூனில் திரும்பப் பாருங்கள். குறுவை அறுவடைக்கு மெஷின் ஏறும் முன் முடித்துவிடலாம். ஒரு வாரம் குடிக்காமல் போய்க் கொடுத்தால் எதுவும் மாறியிருக்காது.

அப்புறம், இரண்டு தடவையும் உறவு, சுயஇன்பம் இல்லாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். முதல் தடவை 2 நாள், அடுத்த தடவை 7 நாள் என்றால் ஒப்பிட முடியாது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

விந்தணுவே இல்லை என்று வந்தாலோ, விதைப்பையில் நரம்பு புடைத்திருந்தாலோ ஜூன் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.