காசுக்கு வாங்கிய பின்தொடர்வோரை நீக்கி, இன்ஸ்டகிராம் பக்கத்தை மீட்பது எப்படி?

வன்னியில் இன்று தேன், பனங்கட்டி, ஒடியல் மா, முல்லைத்தீவுக் கருவாடு என்று இன்ஸ்டகிராமில் விற்கும் சிறு பக்கங்கள் பல இருக்கின்றன. அவற்றில் சில, தொடக்கத்தில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட பின்தொடர்வோரைக் காசுக்கு வாங்கியிருக்கும். வேறு சில, ஒருவர் பதிவு போட்டதும் மற்றவர்கள் எல்லாரும் கட்டாயமாக லைக்கும் கருத்தும் இட வேண்டும் என்ற வட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்திருக்கும். பிறகு பதிவுகள் யாரையும் சென்றடையாமல் போகும்போது, தண்டனை விழுந்துவிட்டது என்று பயம் வரும். அந்தப் பக்கத்தை மீட்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டானில் இருந்து தேனும் பனங்கட்டியும் விற்கும் பக்கம் அது. 9,400 பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் காசுக்கு வந்தவர்கள். புதிய பதிவுக்குப் பன்னிரண்டு லைக்குகள்கூட விழுவதில்லை.

முதலில், நோய் எது என்று பாருங்கள்

இங்கே இரண்டு வேறு சிக்கல்கள் இருக்கலாம். ஒன்று, இன்ஸ்டகிராம் உண்மையிலேயே விதித்த கட்டுப்பாடு. மற்றது, யாரும் விதிக்காமலே ஏற்படும் சரிவு. இரண்டுக்கும் மருந்து வேறு.

உங்கள் பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய் Account Status என்பதைத் திறவுங்கள். விதிமீறலுக்காக நீக்கப்பட்ட பதிவு ஏதும் உண்டா, உங்கள் பதிவுகளைப் பின்தொடராதவர்களுக்கும் பரிந்துரைக்க முடியுமா, ஏதாவது வசதி தடுக்கப்பட்டிருக்கிறதா என்று அது காட்டும். பரிந்துரை நிறுத்தப்பட்டிருந்தால் உங்கள் ரீல்ஸ் புதியவர்களின் திரைக்குப் போகாது. சிக்கலான பதிவு காட்டப்பட்டிருந்தால் அதைத் திருத்தலாம், நீக்கலாம், தவறான முடிவு என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம்.

அங்கே எல்லாம் சரியாக இருந்தும் பதிவு ஓடவில்லை என்றால், பெரும்பாலும் அது தண்டனை அல்ல. ஒரு பதிவு முதலில் உங்களைப் பின்தொடர்வோரில் ஒரு பகுதியினருக்குப் போகிறது. அவர்கள் நின்று பார்க்கிறார்களா, சேமிக்கிறார்களா, நண்பருக்கு அனுப்புகிறார்களா என்பதைப் பொறுத்தே மேலும் பரவுகிறது. நமது பக்கத்தின் பதிவு முதலில் 300 பேருக்குப் போனதாக வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 220 பேர் ஆளில்லாக் கணக்குகள். தேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவை அசையா. பதரோடு சேர்த்து எடை போட்ட நெல் மூட்டை போன்றது அந்த 9,400.

வாசலை அடைத்துவிடுங்கள்

பின்தொடர்வோரையும் லைக்குகளையும் தானாகக் கூட்டித் தருவதாகச் சொல்லும் செயலிகள் பல, உங்கள் கடவுச்சொல்லையே கேட்டு வாங்குகின்றன. பிறகு உங்கள் பெயரிலேயே வேறு பக்கங்களைப் பின்தொடர்ந்து லைக் இடுகின்றன. 2018 நவம்பரில் இன்ஸ்டகிராம் இத்தகைய செயலிகள் வழியே வந்த போலி லைக், பின்தொடர்வு, கருத்து ஆகியவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அவற்றைப் பயன்படுத்திய கணக்குகளுக்குக் கடவுச்சொல்லை மாற்றும்படி அறிவுறுத்தலும் அனுப்பியது. எனவே முதலில் கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, இணைத்து வைத்த செயலிகளை அமைப்புகளில் இருந்து அகற்றுங்கள். இதைச் செய்யாமல் பின்தொடர்வோரை மட்டும் நீக்கினால், செயலி உங்கள் பெயரில் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டுக்காரரைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள்

பொதுவான வழிகாட்டிகள் பல, உங்கள் ஊருக்கு வெளியே இருப்பவர்களை நீக்கச் சொல்லும். வன்னிப் பக்கத்துக்கு இது பொருந்தாது. நமது தேனை உண்மையில் வாங்குகிறவர் கிளிநொச்சியிலும் கொழும்பிலும் மட்டும் இல்லை. டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று பரந்திருக்கிறார். தொழில்முறைக் கணக்கின் Insights பகுதியில் பின்தொடர்வோரின் நகரங்களைப் பாருங்கள். தமிழர் வாழும் நகரங்கள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத நகரங்கள் முன்வரிசையில் நின்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

நகரம் மட்டும் போதாது. ஒவ்வொரு கணக்கையும் திறந்து பாருங்கள். படம் இல்லை, பதிவு இல்லை, பெயருக்குப் பின் பொருளற்ற எண்கள், ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்தும் பின்தொடர்வோர் மிகக் குறைவு, ஒரே ஓரிரு நாளில் கூட்டமாக வந்து சேர்ந்தது: இவற்றில் பல ஒன்றுசேர்ந்தால் நீக்குங்கள். பதிவே போடாத பெரியம்மா ஒருவரின் கணக்கும் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து யாரையும் விலக்காதீர்கள்.

பின்தொடர்வோர் பட்டியலில் பெயருக்கு அருகே உள்ள Remove பொத்தான் போதும்; நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு போகாது. ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் அழுத்தினால், இயந்திரம் இயங்குகிறது என்று கருதி இன்ஸ்டகிராம் உங்கள் செயல்களைத் தற்காலிகமாகத் தடுக்கக்கூடும். நாளுக்கு ஐம்பது அறுபது என்று நிதானமாகச் செய்யுங்கள். ஏழாயிரம் பேருக்கு மாதக்கணக்கில் ஆகும். விரைவாக நீக்கித் தருவதாகச் சொல்லும் வெளிச்செயலிகளை நம்ப வேண்டாம். அவற்றுக்கும் உங்கள் கடவுச்சொல்தான் வேண்டும்.

குழுவில் இருந்து விலகுவது

சிறிய ஊரில் இதுதான் கடினமான படி. குழுவை நடத்துபவர் தெரிந்த அண்ணாவாக இருப்பார். ஆனால் அந்தக் குழு உங்களுக்கு ஆழமான தீங்கைச் செய்கிறது. நாற்பது கடைக்காரர்கள் பார்க்காமலே லைக் இட்டால், தேன் வாங்குவோருக்குப் பதிலாகக் கடை நடத்துவோருக்கு உங்கள் பதிவைக் காட்ட வேண்டும் என்று இன்ஸ்டகிராம் கற்றுக்கொள்கிறது. பதிவு போட்ட சில நிமிடங்களில் அதே பெயர்கள், அதே "அருமை", அதே இதயக்குறி என்றால் வாங்க வந்தவருக்கும் அது தெரிகிறது.

பக்கத்துக் கடைக்காரர் பிடித்திருந்து லைக் இடுவதில் தவறில்லை. இட்டே ஆக வேண்டும் என்ற கடன்தான் போலியாக்குகிறது. ஆகவே நேராகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, இனி எல்லாப் பதிவுகளுக்கும் கட்டாயமாக லைக் இட என்னால் முடியாது. உங்கள் பொருள் நல்லது என்று தெரிந்தால் நானே நாலு பேருக்குச் சொல்வேன்." குழுவின் கருத்துகளால் நிறைந்த பழைய பதிவுகளை அழிக்கத் தேவையில்லை, காப்பகத்துக்குள் போட்டுவிடலாம்.

விளம்பரக் காசைக் காப்பாற்றுங்கள்

பதிவை Boost செய்யும்போது, உங்களைப் பின்தொடர்வோரைப் போன்றவர்களைத் தேடும் தானியங்கித் தெரிவு ஒன்று இருக்கிறது. போலிகள் நிறைந்த பக்கத்தில் அதைத் தேர்ந்தால், போலிகளைப் போன்றவர்களைத் தேடுவதற்கு நீங்களே பணம் கட்டுகிறீர்கள். சுத்தம் முடியும் வரை இடத்தையும் வயதையும் ஆர்வத்தையும் நீங்களே தெரிவு செய்யுங்கள்.

நம்பிக்கை திரும்புவதை எதில் பார்ப்பது?

9,400 என்பது 2,400 ஆகக் குறையும்போது, வழக்கமாக வாங்குபவர்கள் காரணம் கேட்பார்கள். முன்னமே ஒரு பதிவில் சொல்லிவிடுவதுதான் நல்லது: உண்மையான ஆட்கள் அல்லாத கணக்குகளை நீக்கிக்கொண்டிருக்கிறோம், எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். பழைய எண்ணிக்கையைக் காட்டி யாரிடமாவது விளம்பரமோ கூட்டு வேலையோ பேசியிருந்தால், அவரிடம் புதிய எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லுங்கள். அவர் காசு கொடுப்பது அந்த எண்ணை நம்பித்தான்.

இனிப் பதிவில் வாங்குபவர் கேட்பதைப் போடுங்கள். தேன் எந்த மாதம் எடுத்தது, போத்தலின் நிறை எவ்வளவு, கொழும்புக்கு அனுப்பினால் எத்தனை நாளில் சேரும், உடைந்து போனால் என்ன செய்வீர்கள். வாங்கியவர் அனுமதித்தால், அவர் வீட்டில் எடுத்த படத்தைப் போடுங்கள்.

லைக்கை எண்ண வேண்டாம். ஒவ்வொரு பதிவின் Insights பகுதியிலும் மூன்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள், பார்த்தவர்களில் பின்தொடராதவர்களின் பங்கு என்ன. போலிகள் குறையக் குறைய முதல் இரண்டும் மெல்ல ஏறும். மூன்றாவது ஏறத் தொடங்கினால் பதிவு புதியவர்களிடம் போகிறது என்று பொருள். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், முழுதாகச் சுத்தம் செய்தபின் பல வாரங்களாகியும் மூன்றும் அசையவில்லை, எஞ்சிய உண்மையானவர்களும் சில நூறு பேர்தான் என்றால், புதிய பக்கம் தொடங்குவதே மலிவு. பழைய பக்கத்தை உடனே மூடாமல், அதன் அறிமுக வரியில் புதிய பக்கத்தின் பெயரைப் போட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்புங்கள்.