மூன்று கட்டமாக அச்சான முடிவுப் பட்டியலை ஒன்றாக்கும்போது

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய திறனறித் தேர்வின் முடிவுகளை எக்செல்லில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் 214 பேர். தாளை மிச்சப்படுத்த, பதிவெண், பெயர், மதிப்பெண் என்ற மூன்று பத்திகளைப் பக்கத்துக்கு மூன்று கட்டமாக அடுக்கியிருந்தார்கள். கட்டத்துக்கு 40 பேர், இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் 14 பேர்.

நான் செய்த தவறு, பத்தி பத்தியாக எடுத்ததுதான். பெயர்களையெல்லாம் ஒரே நீளமாக அடுக்கினேன், அப்புறம் மதிப்பெண்களை அடுக்கினேன். நடுவில் தெரிந்த காலி அறைகளை Go To Special, Blanks வழியாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டேன். அந்தக் காலி அறைகள் தேர்வுக்கு வராதவர்களுடையவை. அன்று நல்ல மழை, கொரடாச்சேரிப் பக்கம் பஸ் ஓடாததால் மூன்று பேர் வரவில்லை. முதல் காலி 52ஆம் ஆளுடையது. அதை நீக்கியதும் 53ஆம் ஆளின் மதிப்பெண் 52க்கு ஏறிவிட்டது, அங்கிருந்து கடைசிவரை எல்லாமே நகர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிப்பது கடினம். மதிப்பெண்களின் கூட்டுத்தொகை மாறாது. 214 பெயருக்கு 211 மதிப்பெண், வராதவர்கள் மூன்று பேர், கணக்கும் சரியாகத்தான் இருக்கும். பட்டியலின் கடைசி மூன்று பேர்தான் வராதவர்களாகத் தெரிவார்கள். "என் பொண்ணு பரீட்சைக்கே போகலையே, 71 மார்க் போட்டிருக்கீங்களே" என்று ஒரு அம்மா கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதனால் முதலில் காலி மதிப்பெண் அறை ஒவ்வொன்றிலும் "வரவில்லை" என்று எழுதிவிடுங்கள். கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும் எக்செல் ஃபங்ஷனான VSTACK காலி அறையை 0 என்று காட்டும், வராத பிள்ளை பூஜ்யம் வாங்கியதாக ஆகிவிடும் என்பதாலும் இது அவசியம். பிறகு மூன்று பத்திகளையும் பிரிக்காமல், கட்டம் கட்டமாக அடுக்குங்கள். கட்டங்களுக்கு இடையில் ஒரு காலிப் பத்தியும், 1, 42ஆம் வரிகளில் தலைப்பும் இருந்தால் இப்படி:

```
=VSTACK(A2:C41,E2:G41,I2:K41,A43:C82,E43:G82,I43:K56)
```

முதல் பக்கத்தின் மூன்று கட்டமும் முடிந்த பிறகே இரண்டாம் பக்கம் வர வேண்டும். இரண்டு பக்கத்தின் முதல் கட்டங்களையும் சேர்த்து எடுத்தால் அச்சிட்ட வரிசை குலைந்துவிடும். VSTACK இல்லாத பழைய எக்செல்லில் இதே வரிசையில் காப்பி செய்து ஒட்டலாம்.

பதிவெண் 004217 போல பூஜ்யத்தில் தொடங்கினால், ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்திகளை Text ஆக்கிவிடுங்கள்.

கடைசியில் கூட்டுத்தொகையை நம்பாதீர்கள். அச்சுத்தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் கடைசி ஆளையும், வராத ஒவ்வொருவரையும், அவருக்கு அடுத்த ஆளையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எங்கள் பட்டியலுக்கு அது 12 பெயர், பத்து நிமிட வேலை.