கோவிட் வந்து போனபின் பூஸ்டர்: நாள் கணக்கில் நடக்கும் தவறுகள்

ரீயூனியனில் குளிர்காலம் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அம்மாவுக்குப் போன மாசம்தான் கோவிட் வந்துச்சு, இப்ப ஊசி போடலாமா?" வந்து போனதே ஊசி போட்டதுக்குச் சமம், இனி வேண்டாம் என்பார் ஒருவர். எதற்கும் உடனே போட்டுவிடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

நோய் வந்தபோது உடம்பில் எதிர்ப்பொருள் ஏறிவிடுகிறது. அது நிறைய இருக்கும்போதே ஊசி போட்டால், ஊசி காட்டும் வைரஸ் புரதத்தை அந்த எதிர்ப்பொருளே பிடித்து அகற்றிவிடும். புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆபத்தில்லை, பலன் குறைவு, அவ்வளவுதான். சில மாதங்களில் எதிர்ப்பொருள் இறங்கும், வைரஸும் உருமாறும், மறுபடி தொற்றும். கடுமையான நோயைத் தடுக்கும் நினைவு செல்கள் அதைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் வயது ஏற ஏற அவையும் மந்தமாகும். அதனால்தான் நாலு முறை வந்து போன முப்பது வயதுக்காரருக்கு பூஸ்டர் தரும் கூடுதல் பலன் சொற்பம். நாலு முறை வந்து போன எண்பது வயதுக்காரருக்கு இன்னமும் தேவை.

சரி, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? சமீப ஆண்டுகளின் பிரெஞ்சு விதி எளிது: கடைசி ஊசி, கடைசித் தொற்று, இந்த இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதம். 80 வயதைத் தொட்டவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் மூன்று மாதம்.

சேன் ஆந்த்ரேயில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு வயது 82. போன நவம்பரில் ஊசி போட்டிருக்கிறார். மார்ச் 10 அன்று பரிசோதனையில் பாசிட்டிவ். வீட்டில் நவம்பரிலிருந்து எண்ணி, "மே வந்தா ஆறு மாசம்" என்று காத்திருக்கிறார்கள். இரண்டு தவறு. எண்ண வேண்டியது மார்ச்சிலிருந்து. அதுவும் ஆறு அல்ல, மூன்று மாதம். ஜூன் 10க்குப் பிறகு போடலாம், குளிர்காலத்தின் பெரும்பகுதி இன்னும் மிச்சமிருக்கும். இருமல் முழுசாக நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வீணாக நாள் தள்ளிப்போகும். பரிசோதனைத் தேதியே போதும்.

அதே நாள் மகனுக்கும் பாசிட்டிவ். வயது 58, பல வருஷமாகச் சர்க்கரை நோய். "எனக்கும் எதிர்ப்புச் சக்தி கம்மிதானே, மூணு மாசத்துல போட்டுக்கிறேன்" என்கிறார். நம்மிடையே சர்க்கரை அவ்வளவு சாதாரணம் என்பதால் இந்தக் குழப்பம் நிறைய. சர்க்கரை நோய் அவரைப் பூஸ்டர் தேவைப்படுவோர் பட்டியலில் சேர்க்கும். மூன்று மாதச் சலுகையில் சேர்க்காது. அந்தச் சலுகை சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு. மகனுக்குக் கணக்கு செப்டம்பர் 10. சந்தேகமென்றால் பார்மசியில் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடலாம்.

இந்தக் கணக்கெல்லாம் மார்ச்சில் வந்தது கோவிட்தான் என்று தெரிந்தால்தான். இந்தத் தீவில் ஒரு காய்ச்சலுக்குப் பல காரணம் இருக்கும்: டெங்கு, சிக்குன்குன்யா, ஃப்ளூ. உடம்புவலி எல்லாவற்றிலும் வரும். "அது கோவிட்டாத்தான் இருக்கும்" என்று முடிவுகட்டி ஆறு மாதம் ஊசியைத் தள்ளிப்போடுவது முதியவர்கள் வீட்டில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பரிசோதனை செய்யாத காய்ச்சலைக் கோவிட் தொற்றாக எண்ணாதீர்கள். வீட்டில் செய்யும் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தால், பட்டையின் மேலேயே பேனாவால் தேதி எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நாள் நினைவிருக்காது.

காத்திருக்கும் காலம் பாதுகாப்பான காலம் என்று நினைத்துவிடவும் கூடாது. அதற்குள்ளேயே மறுபடி தொற்றியவர்கள் உண்டு. பாட்டிக்குத் தொண்டை கரகரத்தால் அன்றைக்கே பரிசோதனை செய்யுங்கள், ஏனென்றால் கோவிட்டுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிலவற்றோடு அது ஒத்துப்போகாது.

கர்ப்பிணிகளுக்கும் பூஸ்டர் உண்டு. நாற்பது வயதில், வேறு நோயில்லாமல் இருப்பவர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் தொற்றைத் தடுக்கும் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும் என்று தெரிந்தே போடட்டும்.

அப்புறம், ஃப்ளூ ஊசி. கோவிட் வந்ததால் அதையும் ஆறு மாதம் தள்ளிவைக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காய்ச்சல் விட்டு உடம்பு தேறியதும் ஃப்ளூ ஊசியைப் போடலாம். இரண்டுக்கும் முறை வந்திருந்தால் ஒரே நாளில் போடலாம், இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்று.